அனுப்பும் முன் நான்கு சுற்று: மொழிபெயர்ப்பின் கடைசிச் சரிபார்ப்பு

மொழிபெயர்ப்பை முடித்து, ஒருமுறை திருத்தி, நடையைச் சீர்செய்து, எழுத்துப் பிழையும் பார்த்தாகிவிட்டது. இனி அனுப்பவேண்டியதுதான். இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது, கோப்பை முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு முறை வாசிப்பது. அந்த வாசிப்பில் வாக்கியங்கள் மெருகேறும். ஆனால் தவறான எண்ணும் விடுபட்ட வரியும் அதில் சிக்குவது அரிது. பொருளுக்காக வாசிக்கும் மனம் ஓட்டத்தைத்தான் பார்க்கிறது. 1,57,000 என்பதும் 1,75,000 என்பதும் அந்த ஓட்டத்தில் ஒன்றுபோலவே நழுவிப்போகும். விடுபட்ட வாக்கியமோ பக்கத்திலேயே இல்லை, இல்லாத ஒன்றில் கண் தடுக்கி நிற்காது.

அதனால் கடைசிச் சரிபார்ப்பை வாசிப்பாக அல்ல, ஒப்பீடாகச் செய்யவேண்டும். ஒரு சுற்றில் ஒரே ஒரு விஷயம். பார்வை எப்போதும் மூலத்திலிருந்து தொடங்கி மொழிபெயர்ப்புக்கு வரவேண்டும். மொழிபெயர்ப்பில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு மூலத்தில் போய்த் தேடினால், மொழிபெயர்ப்பில் இல்லாமலே போனது எதுவும் கண்ணில் படாது.

மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ஐஎஸ்ஓ 17100 என்ற 2015ஆம் ஆண்டின் தரநிலை, மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைத் தானே சரிபார்க்கவேண்டும், பிறகு வேறொருவர் அதை மூலத்தோடு வைத்துத் திருத்தவேண்டும் என்கிறது. இங்கே சொல்லவருவது அந்த இரண்டும் முடிந்தபின், வாடிக்கையாளருக்குப் போகப்போகும் அதே கோப்பின் மேல் நடக்கும் சரிபார்ப்பு. திருத்துபவர் கை வைத்த இடத்திலும் பிழை நுழையும் என்பதால் இது கடைசியில்தான் நடக்கவேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த, பன்னிரண்டு பக்கச் சேவை ஒப்பந்தம். இரண்டு தரப்பினர்: சேவை வழங்குநர், சேவை பெறுபவர். மொத்தத் தொகை 1.25 மில்லியன். அதில் 30 சதவீதம் முன்பணம், மீதி ஐந்து சம தவணைகளில். ஒப்பந்தக் காலம் 24 மாதங்கள். இரண்டு அடிக்குறிப்புகள், ஓர் அட்டவணை, ஒரு படம்.

முதல் சுற்று: விடுபட்டவை

எண்களைவிட இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. விடுபட்ட பத்தி ஒன்று கிடைத்தால் அதைப் புதிதாக மொழிபெயர்க்கவேண்டும், அதில் புதிய எண்ணும் பெயரும் வரும். எண் சுற்றை முடித்துவிட்டு இதைச் செய்தால், அவசரத்தில் கடைசியாக எழுதிய அந்தப் பத்தி மட்டும் சரிபார்ப்பே இல்லாமல் வெளியே போகும்.

முதலில் எண்ணிக்கை. பிரிவுகள் எத்தனை, ஒவ்வொரு பிரிவிலும் உட்பிரிவுகள் எத்தனை, பட்டியல்களில் உருப்படிகள் எத்தனை, அட்டவணையில் வரிசைகள் எத்தனை, அடிக்குறிப்புகள் எத்தனை என்று மூலத்தில் எண்ணித் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு மொழிபெயர்ப்பில் தனியாக எண்ணவேண்டும். நம் ஒப்பந்தத்தில் நான்காம் பிரிவில் மூலத்தில் ஏழு உருப்படிகள், தமிழில் ஆறு. எது போனது என்று பார்த்தால் ஐந்தாவது. நான்காவது உருப்படியும் ஐந்தாவது உருப்படியும் 'மறுதரப்பின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றி' என்ற பொருள் தரும் ஒரே தொடரில் முடிகின்றன. நான்காவதை எழுதி முடித்துவிட்டு மூலத்துக்குத் திரும்பிய கண், அதே தொடரைத் தேடி ஐந்தாவதின் முடிவில் போய் இறங்கி, அங்கிருந்து ஆறாவதைத் தொடங்கிவிட்டது. ஏடு பார்த்துப் படியெடுத்த காலத்திலிருந்தே இருக்கும் பிழை இது. தானாக எண் போடும் பட்டியலில் இது இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் மென்பொருள் மீதியிருப்பவற்றுக்கு வரிசையாக எண் போட்டுவிடும், இடைவெளி தெரியாது. ஒரே சொல்லில் முடியும் அடுத்தடுத்த வாக்கியங்கள், ஒரே சொல்லில் தொடங்கும் பத்திகள் ஆகிய இடங்களில் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது.

மொழிபெயர்ப்பு மென்பொருள் மூலத்தை வாக்கியம் வாக்கியமாக வெட்டித் தரும், அந்தத் துண்டுதான் செக்மென்ட். அப்படிச் செக்மென்ட் செக்மென்டாக வேலை செய்பவர்களுக்கு முழு வாக்கியம் விடுபடுவது குறைவு. அவர்களுக்கு வேறு வகையில் போகும். முன்பு செய்த மொழிபெயர்ப்புகளை மென்பொருள் சேமித்துவைத்திருக்கும் நினைவகத்திலிருந்து முக்கால் பங்கு பொருந்தும் வாக்கியம் ஒன்று வந்து உட்காரும். புதிய மூலத்தில் கூடுதலாக ஒரு நிபந்தனை இருக்கும், பழைய தமிழில் அது இருக்காது. தமிழ் வாக்கியம் தன்னளவில் முழுமையாக இருப்பதால் சந்தேகமே எழாது. இதற்கு ஒரே வழி, முழுமையாகப் பொருந்தாத செக்மென்ட்களை மட்டும் வடிகட்டி எடுத்து, மூலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் விடை இருக்கிறதா என்று பார்ப்பது.

வாக்கியத்துக்குள் விடுபடுபவை சிறியவை, ஆனால் ஒப்பந்தத்தில் அவைதான் கனமானவை. இணைச் சொற்களில் ஒன்று போய்விடும்: 'நேரடியான அல்லது மறைமுகமான இழப்பு' என்பதில் 'மறைமுகமான' காணாமல் போகும். 'மட்டும்', 'குறைந்தது', 'தவிர', 'இயன்றவரை' போன்ற சொற்கள் வாக்கியத்தைத் தமிழாக மாற்றியமைக்கும்போது உதிர்ந்துவிடும். எதிர்மறையும் அப்படித்தான். ஆங்கில வாக்கியத்தில் முன்னாலேயே வந்துவிடும் மறுப்பு, தமிழில் வினையின் கடைசிக்குப் போகவேண்டும். நாற்பது சொல் வாக்கியத்தில் அந்தக் கடைசிக்கு வந்து சேர்வதற்குள் மறுப்பு மறந்துபோய் 'பொறுப்பாவார்' என்று முடிந்துவிடும், இருக்கவேண்டியது 'பொறுப்பாகமாட்டார்'. அதனால் இந்தச் சுற்றில் ஒவ்வொரு நீண்ட வாக்கியத்திலும் முற்றுவினையை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டால் போதும். பன்னிரண்டு பக்கத்துக்கு அது அதிக வேலை அல்ல.

பிறகு, ஆவணத்தின் உடலுக்கு வெளியே இருக்கும் எழுத்துகள். தலைப்பட்டை, அடிப்பட்டை, எழுத்துப்பெட்டிகள், அடிக்குறிப்பு, அட்டவணைக்குக் கீழுள்ள சிறிய குறிப்பு, படத்துக்குள் இருக்கும் எழுத்து. எக்செல் கோப்பாக இருந்தால் மறைக்கப்பட்ட வரிசைகளும் தாள்களும், பவர்பாயின்ட்டாக இருந்தால் பேச்சாளர் குறிப்புகளும் இதில் சேரும். நம் ஒப்பந்தத்தின் படத்தில் பணி ஓட்டம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதை மொழிபெயர்க்கவேண்டுமா இல்லையா என்பது வாடிக்கையாளர் சொல்லவேண்டியது. சொல்லாதபட்சத்தில் படத்தின் சொற்களைக் கீழே சிறு அட்டவணையாகத் தமிழில் தந்துவிட்டு, அப்படித் தந்திருப்பதாகக் குறிப்பு எழுதுவதே சரி.

இரண்டாம் சுற்று: எண்கள்

மூலத்திலுள்ள எல்லா எண்களையும் வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் இணையைத் தேடி, இரண்டிலும் குறியிடுவது பழைய முறை. இன்றும் அதைவிட நம்பகமான முறை இல்லை. ஆனால் இலக்கத்தில் எழுதிய எண்களை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். மொழிபெயர்ப்பு மென்பொருள்களில் இதற்கான சோதனை இருக்கிறது. மென்பொருள் இல்லாதவர்கள், இரண்டு கோப்புகளையும் வரிக்கு வரி பொருந்தும் வெற்று உரையாகச் சேமித்து இந்தச் சிறு பைத்தான் நிரலை ஓட்டினால் போதும்:

```python
import re
def nums(s):
    s = re.sub(r"(?<=[0-9]),(?=[0-9])", "", s)
    return sorted(re.findall(r"[0-9]+(?:\.[0-9]+)*", s))

src = open("src.txt", encoding="utf-8").readlines()
tgt = open("tgt.txt", encoding="utf-8").readlines()
print(len(src), len(tgt))
for i, (a, b) in enumerate(zip(src, tgt), 1):
    if nums(a) != nums(b):
        print(i, nums(a), nums(b))
```

முதலில் இரண்டு கோப்புகளின் வரி எண்ணிக்கையை அச்சிடும். அது ஒன்றாக இல்லாவிட்டால் மேலே போகக்கூடாது, முதல் சுற்றில் ஏதோ தப்பியிருக்கிறது. எண்களுக்கு நடுவே வரும் காற்புள்ளியை நிரல் எடுத்துவிடுவதால், 1,250,000 என்ற மூலமும் 12,50,000 என்ற தமிழும் ஒன்றாகவே தெரியும்.

இந்தச் சோதனை எதைப் பிடிக்காது என்பதை அறிந்துவைத்திருக்கவேண்டும். ஒரே வரியில் '10 நாட்களில் 5 சதவீதம்' என்பது '5 நாட்களில் 10 சதவீதம்' என்று மாறியிருந்தால் அதற்குத் தெரியாது, இரண்டிலும் அதே இரண்டு எண்கள்தான். எழுத்தால் எழுதிய எண்களும் அதற்குத் தெரியாது. மூலத்தில் மூன்று மாதம், தமிழில் இரண்டு மாதம் என்று இருந்தால் அமைதியாகக் கடந்துவிடும். அதனால் எழுத்தால் வந்த எண்களுக்குத் தனியாக ஒரு பார்வை வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று மட்டுமல்ல, 'இருமடங்கு', 'கால் பங்கு', 'டஜன்', 'பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை' எல்லாம் எண்கள்தான்.

இன்னொரு பக்கம், சோதனை வீணாகவும் கூச்சலிடும். 1.25 மில்லியன் தமிழில் 12.5 லட்சம் ஆகும்போது எண் மாறிவிட்டதாக எச்சரிக்கும். இத்தகைய பொய் எச்சரிக்கைகள் இருபது வந்தபின் இருபத்தொன்றாவதைப் பார்க்காமலே ஒதுக்கும் பழக்கம் வந்துவிடும், உண்மையான பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி, டிரில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி. இந்த மூன்று வரியைத் தாளின் மேல் எழுதிவைத்துக்கொண்டு, மாற்றிய ஒவ்வொரு தொகையையும் இலக்கமாக விரித்து எழுதி ஒப்பிடவேண்டும். 1.25 மில்லியன் என்பது 1250000. 12.5 லட்சம் என்பதும் 1250000. விரித்து எழுதாமல் மனக்கணக்கில் போட்டால் ஒரு சுழியம் கூடும் அல்லது குறையும்.

எண்கள் ஒன்றோடொன்று கணக்குப் பொருந்தும் இடங்களில் மூலத்தைப் பார்க்காமலேகூடப் பிழை தெரியும். நம் ஒப்பந்தத்தில் முன்பணம் 3,75,000, ஐந்து தவணைகள் ஒவ்வொன்றும் 1,75,000, கூட்டினால் 12,50,000 வரவேண்டும். தமிழ் அட்டவணையில் கூட்டினால் 12,32,000 வருகிறது. குறைவது 18,000. அந்த வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கர்களுக்குத் தெரிந்த உத்தி. ஆக, ஏதோ ஒரு தவணையில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். மூன்றாம் தவணை 1,57,000 என்று இருக்கிறது. ஒன்பதால் வகுபடாவிட்டால் வேறு காரணத்தைத் தேடவேண்டும், வகுபட்டாலும் அது தடயம்தான், தீர்ப்பல்ல.

மூலம் ஆங்கிலத்தில் இருந்தாலும் அதை எழுதியவர்கள் ஐரோப்பிய வழக்கில் எண் எழுதுபவர்களாக இருக்கக்கூடும். ஜெர்மன் வழக்கில் 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு, 1,5 என்பது ஒன்றரை. அட்டவணையில் ஓர் எண் மட்டும் மற்றவற்றோடு சேராமல் மிகச் சிறிதாகவோ பெரிதாகவோ தெரிந்தால் இதை நினைக்கவேண்டும். நாணயத்தையும் எண்ணின் பகுதியாகவே சரிபார்க்கவேண்டும். டாலர் என்ற பெயரில் பல நாட்டு நாணயங்கள் இருக்கின்றன. மூலத்தில் எந்த நாட்டு டாலர் என்று இருந்தால் தமிழிலும் அது இருந்தாகவேண்டும்.

இந்தச் சுற்றில் அதிக நேரம் கொடுக்கவேண்டியது எண்ணுக்கு அல்ல, எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்லுக்கு. இலக்கம் சரியாக இருந்து, ஒட்டு தவறிப்போனால் எந்த மென்பொருளும் சொல்லாது. மூலத்தில் 'மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தாமதங்கள்' இருந்தால் சேவையை நிறுத்தலாம் என்று இருக்கிறது. தமிழில் 'மூன்றுக்கு மேற்பட்ட தாமதங்கள்' என்று எழுதினால் மூன்றாவது தாமதத்தில் நிறுத்தமுடியாது, நான்காவதுவரை காத்திருக்கவேண்டும். '18 வயது நிறைந்தவர்' என்பதற்கும் '18 வயதுக்கு மேற்பட்டவர்' என்பதற்கும் இதே வேறுபாடு உண்டு. 'குறைந்தது 30 நாட்களுக்கு முன்பு அறிவிக்கவேண்டும்' என்பதில் 'குறைந்தது' போய்விட்டால், நாற்பது நாட்களுக்கு முன்பு அறிவித்தது செல்லுமா என்ற கேள்வி வந்துவிடும்.

ஒரே ஓர் 'ஆக' தொகையை மாற்றிவிடும். 'கட்டணம் 10 சதவீதம் உயர்த்தப்படும்' என்றால் இருப்பதோடு பத்தில் ஒரு பங்கு கூடும். 'கட்டணம் 10 சதவீதமாக உயர்த்தப்படும்' என்றால் முன்பு ஏதோ குறைந்த சதவீதத்தில் இருந்த கட்டணம் பத்து சதவீதம் ஆகிறது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இரண்டு சிறிய முன்னிடைச்சொற்களில் இருக்கிறது, கண் எளிதில் தாண்டிவிடும். வட்டி 6 சதவீதத்திலிருந்து 8 சதவீதம் ஆனால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு. அதை '2 சதவீத உயர்வு' என்று எழுதினால் வட்டி 6.12 சதவீதம் ஆனதாகப் பொருள்படும்.

எல்லா எண்ணோடும் இப்படி ஒட்டுச்சொல்லைப் பார்க்க நேரமில்லாவிட்டால், பணம், கால அவகாசம், வயது, அளவு வரம்பு ஆகிய நான்கை மட்டுமாவது பார்க்கவேண்டும். மற்றவை பிழையானால் வருத்தம், இவை பிழையானால் வழக்கு.

மூன்றாம் சுற்று: தேதிகள்

03/04/2024 என்பது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், அமெரிக்க வழக்கில் மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். நாள் எண் பன்னிரண்டுக்குள் இருக்கும் எல்லாத் தேதிகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஆவணம் எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று கண்டுபிடிக்க, பன்னிரண்டைத் தாண்டிய எண் உள்ள ஒரு தேதியைத் தேடவேண்டும். நம் ஒப்பந்தத்தில் ஓரிடத்தில் 15/03/2024 வருகிறது. பதினைந்தாவது மாதம் கிடையாது, ஆகவே நாள் முன்னால் வருகிறது.

இதை வேறு வழியிலும் உறுதிசெய்யலாம். ஒப்பந்தம் 03/04/2024 அன்று தொடங்கி 02/04/2026 அன்று முடிகிறது, காலம் 24 மாதம். நாள் முன்னால் என்று வைத்தால் 2024 ஏப்ரல் 3 முதல் 2026 ஏப்ரல் 2 வரை சரியாக 24 மாதம். மாதம் முன்னால் என்று வைத்தால் 2024 மார்ச் 4 முதல் 2026 பிப்ரவரி 4 வரை, அது 23 மாதமும் ஒரு நாளும். இப்போது ஐயமில்லை. இப்படி இரண்டு தடயங்களும் கிடைக்காத ஆவணத்தில், அதுவும் இணைப்புகள் வேறு வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்த ஆவணத்தில், ஊகித்து மாதத்தின் பெயரை எழுதிவிடக்கூடாது. கேட்கவேண்டும். பதில் வரும்வரை மூலத்தில் இருப்பதுபோலவே இலக்கத்தில் விட்டுவைப்பது ஊகத்தைவிடப் பாதுகாப்பு.

தெளிவான தேதிகளை மாதப் பெயரோடு எழுதிவிடுவது படிப்பவருக்கு நல்லது: '15 மார்ச் 2024'. கிழமையும் கொடுத்திருந்தால் நாள்காட்டியில் பார்க்கவேண்டும். 15 மார்ச் 2024 வெள்ளிக்கிழமை. மூலத்தில் வியாழன் என்று இருந்தால், தேதி தவறா கிழமை தவறா என்பது நமக்குத் தெரியாது. இரண்டையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டு வாடிக்கையாளருக்குக் குறிப்பெழுதவேண்டும்.

எல்லைச் சொற்கள் இங்கும் உண்டு. ஆங்கிலத்தில் 'பை' என்று வரும் இடத்தில் ஜூன் 30ஆம் தேதியும் சேர்த்தி, 'பிஃபோர்' என்று வரும் இடத்தில் சேராது. தமிழில் இரண்டையும் 'ஜூன் 30க்கு முன்' என்று எழுதிவிட்டால் முதலாவதில் ஒரு நாள் போய்விடும். 'ஜூன் 30ஆம் தேதிக்குள்' என்பதைக்கூடச் சிலர் அந்த நாளை விட்டுப் புரிந்துகொள்வார்கள். பணமோ உரிமையோ சம்பந்தப்பட்ட இடத்தில் 'ஜூன் 30ஆம் தேதி வரை, அந்த நாள் உட்பட' என்று நீட்டி எழுதுவதில் தவறில்லை. வேலை நாட்கள் என்பது வெறும் நாட்கள் ஆகிவிட்டதா என்றும் பார்க்கவேண்டும். நேரத்தில் ஒன்றே ஒன்று: 12 பிஎம் நண்பகல், 12 ஏஎம் நள்ளிரவு. 'இரவு 12 மணி' என்று எழுதினால் எந்த நாளின் இரவு என்ற கேள்வி வரும், ஆகவே தேதியோடு சேர்த்து ஒருமுறை யோசிக்கவேண்டும்.

நான்காம் சுற்று: பெயர்கள்

ஆவணத்தில் வரும் ஒவ்வொரு பெயரையும் வரும் வரிசையில் ஒரு பட்டியலாக எடுத்து, எதிரே தமிழ் எழுத்துக்கூட்டை எழுதவேண்டும். ஆட்களின் பெயர் மட்டுமல்ல. நிறுவனம், ஊர், பொருள், சட்டம், பதவி, எல்லாம். ஆங்கில எழுத்தில் உள்ள பெயரிலிருந்து தமிழ் எழுத்துக்கூட்டை ஊகிக்கமுடியாது. ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டு ஜெயந்தியாகவும் ஜயந்தியாகவும் இருக்கலாம். உரியவர் தமிழில் எப்படி எழுதுகிறார் என்று கேட்பதே முறை. எதிர்த்திசையில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது, கடவுச்சீட்டிலோ சான்றிதழிலோ உள்ள எழுத்துக்கூட்டுதான் இறுதி, நம் காதுக்கு எது சரியோ அதுவல்ல.

பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு பெயரையும் கோப்பில் தேடிப் பார்க்கவேண்டும். இங்கே தமிழ் ஒரு சிக்கலைக் கொடுக்கும். வேற்றுமை உருபு ஏறும்போது பெயரின் ஈறு மாறுகிறது. 'முருகன்' என்று தேடினால் 'முருகனின்', 'முருகனுக்கு' ஆகியவை கிடைக்காது, ஏனென்றால் அவற்றில் னகரத்தின் மேல் புள்ளி இல்லை. புள்ளியை விட்டு 'முருகன' என்று தேடினால் பெரும்பாலான மென்பொருள்களில் எல்லாம் கிடைக்கும். 'செல்வம்' என்பது 'செல்வத்திடம்' ஆகும், ஆகவே 'செல்வ' வரை மட்டும் தேடவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் எழுத்தின் குறியீட்டில் இருக்கிறது. 'கௌரி' என்ற பெயரில் ஔகாரக் குறியின் யூனிகோட் எண் U+0BCC. அதையே சிலர் கொம்பும் ளகரமுமாக, 'கெளரி' என்று தட்டச்சு செய்வார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், தேடலில் ஒன்றைப் போட்டால் மற்றது வராது. ஒகர, ஓகாரக் குறிகளிலும் இரண்டு வடிவம் உண்டு. ஒகரக் குறியை U+0BCA என்ற ஒரே குறியாகவும் எழுதலாம், U+0BC6, U+0BBE என்று இரண்டாகவும் எழுதலாம். இந்த இரண்டையும் யூனிகோட் சமமாகவே கருதுகிறது, இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் NFC என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். ஆனால் ளகரம் போட்ட ஔகாரம் எந்த மாற்றத்திலும் சரியாகாது, கையால்தான் திருத்தவேண்டும். தேடலில் ஒரு பெயர் எதிர்பார்த்ததைவிடக் குறைவான முறை கிடைத்தால், பெயர் விடுபட்டிருக்கிறது என்று முடிவுகட்டும் முன் இதைப் பார்க்கவேண்டும்.

ஒப்பந்தத்தில் தரப்பினரைக் குறிக்கும் சொற்களும் பெயர்கள்தான். 'சேவை வழங்குநர்', 'சேவை பெறுபவர்' இரண்டும் இடம் மாறியிருக்கும் வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கும், எண்கள் சரியாக இருக்கும், படித்தால் தடங்கல் இருக்காது. ஆனால் இழப்பீடு தரவேண்டியவர் மாறிவிடுவார். நீண்ட வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பி எழுதும்போது இது நேர்கிறது. மூலத்தில் ஒரு தரப்பை மஞ்சளிலும் மறுதரப்பைப் பச்சையிலும் நிறமிட்டு, தமிழிலும் அப்படியே நிறமிட்டுப் பக்கத்தில் வைத்தால், ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை மஞ்சள், எத்தனை பச்சை என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். எண்ணிக்கை சரியாக இருக்கும் வாக்கியங்களிலும், 'யார் யாருக்கு' என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே போகவேண்டும்.

திருத்தியபின்

நான்கு சுற்றும் முடிந்தது, பத்துப் பதினைந்து திருத்தங்கள் செய்தாயிற்று. இப்போது கோப்பு, சரிபார்த்த கோப்பு அல்ல. குறிப்பாக, மொத்தமாகத் தேடி மாற்றியிருந்தால் ஆபத்து அதிகம். 'மனு' என்பதை 'விண்ணப்பம்' என்று ஒட்டுமொத்தமாக மாற்றினால் 'மனுவை' என்பது 'விண்ணப்பம்வை' ஆகும், 'மனுதாரர்' என்பது 'விண்ணப்பம்தாரர்' ஆகும். தமிழில் 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. ஒவ்வொன்றாக நின்று மாற்றவேண்டும். திருத்திய ஒவ்வொரு வாக்கியத்தையும் மட்டும் எடுத்து, எண், தேதி, பெயர், விடுபடல் நான்கையும் ஒருசேரப் பார்த்தால் போதும். முழுச் சுற்றையும் மறுபடி போகவேண்டியதில்லை.

உட்பிரிவு எதையாவது சேர்த்திருந்தால், உள்மேற்கோள்களைத் தொடர்ந்து போய்ப் பார்க்கவேண்டும். நான்காம் பிரிவில் ஐந்தாவது உருப்படி திரும்ப வந்ததும், தானியங்கி எண்கள் கீழே நகர்ந்துவிட்டன. 'பிரிவு 4(6)இன்படி' என்று கையால் எழுதிய இடம் இப்போது சரியான உருப்படியைத்தான் காட்டுகிறதா என்று அந்த உருப்படிக்கே போய்ப் படித்துப் பார்க்கவேண்டும்.

பிறகு, அனுப்பப்போகும் வடிவத்திலேயே கோப்பைத் திறக்கவேண்டும். பிடிஎஃப் என்றால் பிடிஎஃபில். அட்டவணைக் கட்டத்தில் நீளமான தமிழ்ச் சொல் அடங்காமல் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டிருக்கலாம், எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியலாம், கருத்துகளும் திருத்தத் தடங்களும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

கடைசியாக, வாடிக்கையாளருக்கான குறிப்பு. மூலத்தில் கண்ட பிழைகளை மொழிபெயர்ப்பில் சத்தமில்லாமல் திருத்தக்கூடாது. தொகை இலக்கத்தில் ஒன்றும் எழுத்தில் வேறொன்றும் என்றிருந்தால், இரண்டையும் இருப்பதுபோலவே தந்துவிட்டுக் கேட்கவேண்டும். எது சரி என்பது ஒப்பந்தம் செய்தவர்களுக்கு மட்டுமே தெரியும். குறிப்பு இப்படி இருந்தால் போதும்: பக்கம் 6, பிரிவு 5.2, மூலத்தில் கிழமையும் தேதியும் பொருந்தவில்லை, மொழிபெயர்ப்பில் மூலத்தில் உள்ளபடியே விடப்பட்டுள்ளது, எது சரியென்று உறுதிசெய்தால் மாற்றித் தரப்படும். இடம், என்ன கண்டோம், என்ன செய்திருக்கிறோம், அவரிடமிருந்து என்ன வேண்டும். நான்கும் ஒரே பத்தியில், அஞ்சலின் உடலிலேயே இருக்கட்டும். தனிக் கோப்பாக இணைத்தால் பலர் அதைத் திறப்பதில்லை.

அஞ்சலை எழுதி இணைப்பைச் சேர்த்தபின், அந்த இணைப்பையே அஞ்சலிலிருந்து சொடுக்கித் திறந்து, மூன்றாம் தவணை 1,75,000 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பவேண்டும். கணினியில் ஒரே பெயரில் மூன்று பதிப்புகள் கிடக்கும்போது, திருத்தாத பதிப்பு இணைப்பாகப் போய்விடுவதுண்டு.